கொழும்பில் மலிவுத் தரகர் எங்கே?

தெமட்டகொடையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்றபோது, ஊழியர் சேமலாப நிதியிலிருந்து கிடைத்த பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாயைப் பங்குச் சந்தையில் இட்டார். சென்ற மாதம் தரகு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கறிக்கையுடன் என்னிடம் வந்தார். "அண்ணே, சென்னையில் இருக்கும் என் மருமகன் பங்கு வாங்கத் தரகே கொடுப்பதில்லையாம். நான் மட்டும் ஏன் கொடுக்கிறேன்?" என்று கேட்டார்.

மருமகன் சொன்னது உண்மைதான். இந்தியாவில் ஜெரோதா போன்ற மலிவுத் தரகு நிறுவனங்கள் வாங்கி வைத்திருக்கும் பங்குகளுக்குத் தரகு அறவிடுவதில்லை. ஜெரோதா 2015 டிசம்பரில் அதைக் கைவிட்டது. அரசு வரி, முத்திரைத் தீர்வை, கணக்குப் பராமரிப்புக் கட்டணம் முதலியன அங்கும் உண்டு. அமெரிக்காவில் 1975 மே 1ஆம் திகதி நிலையான தரகு ஒழிக்கப்பட்ட பின்னர்தான் மலிவுத் தரகர் என்ற இனமே பெருகியது.

கொழும்பில் நிலைமை வேறு. பத்துக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குத் தரகு 0.64 சதவீதம் எனச் சந்தையின் கட்டண அட்டவணையே வரையறுத்துவிட்டது. அதற்கு மேற்பட்ட தொகைக்குத்தான் பேரம் பேச இடமுண்டு. பங்குச் சந்தை, வைப்பகம், ஆணைக்குழு ஆகியவற்றின் கட்டணங்களும் 0.3 சதவீத அரசு வரியும் சேர, ஒரு பக்கத்துக்கு 1.12 சதவீதம் ஆகிறது. ஓர் இலட்சம் ரூபாய்க்கு வாங்கினால் 1,120 ரூபாய். விற்கும்போதும் ஏறத்தாழ அதேயளவு. பங்கின் விலை 2.27 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். எந்தத் தரகரிடம் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. நம் போன்ற சிறு முதலீட்டாளருக்கு மலிவுத் தரகர் என்று ஒருவர் இங்கே இல்லை.

அப்படியானால் நண்பருக்கு எங்கே ஓட்டை விழுந்தது? அறிக்கையைப் புரட்டினேன். ஆலோசகரின் தொலைபேசி அழைப்புகளின் பேரில், முழுத் தொகையும் ஓராண்டில் ஆறு முறை வாங்கி விற்கப்பட்டிருந்தது. ஒரு சுற்றுக்குச் சுமார் 11,200 ரூபாய் வீதம் ஆறு சுற்றுக்கு 67,200 ரூபாய். முதலின் 13 சதவீதத்துக்கும் அதிகம்! அதில் 38,400 ரூபாய் தரகு நிறுவனத்துக்குப் போனது. விகிதம் ஒன்றாக இருக்கும் சந்தையில் செலவைத் தீர்மானிப்பது எத்தனை தடவை வாங்கி விற்கிறோம் என்பதே. ஆலோசகர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நண்பர் பங்கை வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால் தரகு நிறுவனத்துக்கு வருமானம் இல்லை.

எல்லோரும் ஒரே தரகு வாங்குகிறார்கள் என்றால், அதற்குப் பதிலாக என்ன தருகிறார்கள் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். ஆய்வறிக்கை நல்லதா என அறிய நான் நண்பருக்குச் சொன்ன வழி எளியது. ஓராண்டுக்கு முந்திய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் பங்கொன்றுக்கு எவ்வளவு உழைப்பு வரும் என எதிர்பார்த்தார்கள் என்று பாருங்கள். பின்னர் பங்குச் சந்தை இணையத்தளத்தில் அந்த நிறுவனம் வெளியிட்ட காலாண்டுக் கணக்குகளோடு வைத்துப் பாருங்கள். தவறியிருந்தால் பரவாயில்லை, அடுத்த அறிக்கையில் ஏன் தவறினோம் என்று எழுதியிருக்கிறார்களா என்பதே முக்கியம். "விற்றுவிடுங்கள்" என்று ஒருமுறையேனும் சொல்லாத ஆய்வுப் பிரிவை நான் நம்புவதில்லை. நாள்தோறும் வரும் சந்தை நிலவரக் குறிப்பு ஆய்வு ஆகாது. அது எங்கள் பத்திரிகையின் வானிலைச் செய்தி மாதிரி.

இணையவழி வசதியிலும் ஒரு மயக்கம் உண்டு. நம் தரகர்களில் பலர் ஏட்ராட், டைரக்ட்எஃப்என் என்னும் இரண்டு மென்பொருள்களில் ஒன்றையே வாடிக்கையாளருக்குத் தருகிறார்கள். திரை ஏறக்குறைய ஒன்றுதான். திரை உறைந்துவிட்டால் தொலைபேசியை எடுப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு. 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியின் நடுவே சந்தை 18ஆம் திகதி முதல் ஐந்து நாட்கள் மூடப்பட்டது. அது போன்றதொரு மூடலுக்குப் பின் சந்தை திறக்கும் காலையில் விற்க முனைபவருக்கு, தொலைபேசியில் கிடைக்கும் தரகர் மிகப் பெரிய சொத்து. கணக்குத் திறக்குமுன் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அழைத்துப் பாருங்கள். எத்தனை மணியோசையில் எடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

இன்னொன்று, கையெழுத்திடும் உடன்படிக்கை. பணம் செலுத்தத் தாமதித்தால் என்ன வட்டி, எப்போது உங்கள் பங்கை அவர்களாகவே விற்கலாம் என்ற இரு வாசகங்களையும் தேடிப் படியுங்கள். நண்பருடைய அறிக்கையில் வட்டி என்று மூன்று வரிகள் இருந்தன. அவருக்குத் தாம் கடனில் வாங்கியதே தெரியாது.

தமது எழுத்துமூலப் பணிப்பு இல்லாமல் எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம் என நண்பர் அந்த வாரமே கடிதம் கொடுத்தார். அதன் பிறகு ஆலோசகர் ஒருமுறைகூட அழைக்கவில்லையாம்.