நன்றிக்கு ஐந்து வரி போதும்

தம்பி மகள் கல்யாணம் முடிந்து முகநூலில் போட நன்றி எழுதியிருந்தாள். "வருகை தந்து சிறப்பித்த அனைத்து நல்லுள்ளங்களுக்கும்" என்று ஆரம்பித்து, மண்டபக்காரர் முதல் போட்டோகாரர் வரை முப்பது பெயர்கள். பட்டியல் போட்டால் அதில் விட்டுப்போனவர்தான் முதலில் கவனிப்பார். 'சிறப்பித்த' என்பதோ மேடைப் பேச்சு. அதில் யார் முகமும் தெரியாது.

இப்படி மாற்றிக் கொடுத்தேன்:

"விடியற்காலை முகூர்த்தத்துக்கு இரவெல்லாம் பஸ்ஸில் வந்தீர்கள். பந்தியில் நின்று பரிமாறினீர்கள். வர முடியாதவர்கள் போனில் வாழ்த்தினீர்கள். அட்சதை போட்ட ஒவ்வொரு கைக்கும் நன்றி. எங்கள் வீட்டுக்கு ஒருநாள் காபி சாப்பிட வாருங்கள்."

ஒரு பெயரும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் வந்தவருக்கும் பரிமாறியவருக்கும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். நடந்ததை மட்டுமே எழுத வேண்டும். அழகுக்காகச் சேர்த்தால் வந்தவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மொய், பரிசு பற்றிப் பொதுவில் பேச்சே வேண்டாம். கொடுத்தவருக்குத் தனியாகப் போன் செய்வதுதான் முறை.

"பெரியப்பா, கடைசி வரியை நம்பி எல்லாரும் வந்துட்டா?" என்றாள்.

"வந்தா காபி போடு. முடியாதுன்னா அந்த வரியை எடுத்துடு" என்றேன்.

எடுக்கவில்லை.