பிப்ரவரி 29-க்கு அடுத்த வருடம் எப்போது?

என் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 2004, பிப்ரவரி 29. ஞாயிற்றுக்கிழமை. நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் அசல் கல்யாண நாள் வரும் என்று அத்தானை இன்றுவரை கிண்டல் செய்வோம்.

2022-இல் நான் குடும்பத்துக்காக ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் ஒரே பட்டியலில். 2022-க்கான தேதியை ஒரு ஃபார்முலா கொடுத்தது. 2023-க்கு அதோடு ஒரு வருஷம் கூட்டினேன், 2024-க்கு அதோடும் ஒரு வருஷம். ஷீட் சொன்னபடி 2024 மார்ச் 1 காலையில் அக்காவுக்கு போன் செய்து, இருபதாவது கல்யாண நாளுக்கு வாழ்த்து சொன்னேன்.

"நேத்துடா அது! நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற நாள். உன் அத்தான் ராத்திரி வரைக்கும் போனையே பார்த்துக்கிட்டு இருந்தார்" என்றாள்.

அந்த வருஷம் பிப்ரவரி 29 இருந்தது. ஆனாலும் என் ஷீட் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஏன் என்று பார்த்தபோது தெரிந்ததைத்தான் இந்த வாரம் சொல்கிறேன். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதே கதைதான்.

ஒரு தேதியோடு ஒரு வருஷம் கூட்டப் பெரும்பாலோர் போடும் ஃபார்முலா இது. B2-இல் அசல் தேதி இருக்கிறது.

```
=DATE(YEAR(B2)+1,MONTH(B2),DAY(B2))
```

வருஷம், மாதம், நாள் என்று தேதியை மூன்றாகப் பிரித்து, வருஷத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டி மறுபடி சேர்க்கிறது. மற்ற எல்லாத் தேதிக்கும் சரியாக வரும். B2-இல் 29/2/2024 இருந்தால் மட்டும், "2025, பிப்ரவரி, 29" என்று இல்லாத ஒரு தேதியை DATE-இடம் கேட்கிறோம்.

DATE அதைத் தப்பு என்று சொல்லாது. பிப்ரவரி 1-இலிருந்து இருபத்தொன்பது நாள் எண்ணும். 28-இல் மாதம் தீர்ந்துவிடும். மிச்சம் ஒரு நாள் அடுத்த மாதத்தில் வழியும். விடை: மார்ச் 1, 2025. ஏப்ரல் 31 கேட்டால் மே 1 கொடுப்பதும் இதே வழக்கத்தால்தான். சிவப்பு எழுத்தோ எச்சரிக்கையோ வராததால் நமக்கு சந்தேகமே வராது.

இன்னொரு ஃபார்முலா, மாதங்களைக் கூட்டும் EDATE.

```
=EDATE(B2,12)
```

இது பன்னிரண்டு மாதம் தள்ளிப் போகும். அந்த மாதத்தில் 29 இல்லை என்றால், அதே மாதத்தின் கடைசி நாளில் நின்றுவிடும். விடை: பிப்ரவரி 28, 2025. எக்செலில் தேதிக்குப் பதில் 45716 என்று ஒரு எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது அதே தேதிதான். அந்தக் கட்டத்தின் ஃபார்மட்டை Date என்று மாற்றினால் போதும்.

இரண்டில் எது சரி? இரண்டுமே ஒரு வழக்கம்தான். சட்டங்களிலேயே ஒற்றுமை இல்லை. பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு, அந்த நாள் இல்லாத வருஷத்தில் வயது நிறைவது ஹாங்காங்கில் மார்ச் 1. தைவானில் பிப்ரவரி 28. DATE ஹாங்காங் கட்சி, EDATE தைவான் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு விசேஷத்துக்கு அந்த நாளுக்கு உரியவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். என் அக்கா, "மாசம் மாறக்கூடாது, 28-ந்தேதிதான்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் என் ஷீட்டின் உண்மையான தப்பு இது இல்லை. 2022-க்கு மார்ச் 1 வந்ததை ஒரு வழக்கம் என்று விட்டுவிடலாம். 2024-க்கும் மார்ச் 1 வந்ததுதான் பிழை. நான் ஒவ்வொரு வருஷத்தையும் முந்தைய வருஷத்தின் விடையிலிருந்து கணக்கிட்டேன். முதல் முறை மார்ச் 1 ஆன கணமே, '29' என்ற எண் தொலைந்துபோனது. அதற்குப் பிறகு எத்தனை லீப் வருஷம் வந்தாலும் மார்ச் 1-லிருந்து மார்ச் 1-க்குத்தான் போகும். EDATE-ஐ இப்படிச் சங்கிலியாகப் போட்டாலும் அதே கதி. 28-இல் மாட்டிக்கொண்டு, 2028-இலும் 28 என்றே சொல்லும்.

வழி எளிது. எப்போதும் அசல் தேதியிலிருந்தே கணக்கிடுங்கள். முதல் வரிசையில் D1-இல் 2024, E1-இல் 2025 என்று வருஷங்களை எழுதிக்கொண்டு, D2-இல் இதைப் போட்டு வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்.

```
=EDATE($B2,12*(D$1-YEAR($B2)))
```

2004-இலிருந்து 2024 வரை 20 வருஷம், அதாவது 240 மாதம். விடை பிப்ரவரி 29, 2024. அடுத்த கட்டத்தில் 252 மாதம். விடை பிப்ரவரி 28, 2025. மார்ச் 1 கட்சிக்காரர்கள் இதைப் போடலாம்.

```
=DATE(D$1,MONTH($B2),DAY($B2))
```

இரண்டிலுமே 2028 வரும்போது 29 தானாகத் திரும்பி வந்துவிடும்.

"எதற்கு இவ்வளவு? 365 நாளைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். 29/2/2024-க்கு 28/2/2025 என்று நல்ல விடைதான் வரும். ஆனால் 10/1/2024 பிறந்தநாள் 9/1/2025 ஆகிவிடும். ஒருவருக்காகப் பார்த்து மற்றவர்களைக் கெடுத்த கதை.

உங்கள் ஷீட் எப்படி என்று சோதிக்க, ருக்மிணி தேவி அருண்டேலை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். கலாக்ஷேத்ராவை நிறுவியவர், மதுரையில் பிறந்தது 29/2/1904. 1905-க்கு 28 அல்லது மார்ச் 1, 1908-க்கு கண்டிப்பாக 29 வர வேண்டும். 1908-இலும் வேறு தேதி வந்தால் உங்கள் ஷீட்டில் சங்கிலி இருக்கிறது. அதே நாளில் பிறந்த மொரார்ஜி தேசாயை எக்செலில் சோதிக்க முடியாது. அவர் பிறந்தது 1896, எக்செலின் தேதிகள் தொடங்குவதோ 1900-இல்.

பணம் கட்டும் தேதிக்கு மட்டும் இந்தக் கணக்கே வேண்டாம். 2024 பிப்ரவரி 29-இல் தொடங்கிய ஒரு வருஷ வண்டி இன்ஷூரன்ஸ் 2025 பிப்ரவரி 28 நள்ளிரவோடு முடிந்துவிடும். DATE மார்ச் 1 என்று காட்டினால், நீங்கள் புதுப்பிக்க உட்காரும்போது வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்காது. பாலிசியில் அச்சாகியிருக்கும் முடிவுத் தேதியையே பார்த்து டைப் செய்யுங்கள்.

என் ஷீட்டை மாற்றிவிட்டேன். 2025-இல் பிப்ரவரி 28 காலை ஆறு மணிக்கே அக்காவுக்கு போன் போனது. எடுத்தது அத்தான். "இந்த வருஷம் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டியே!" என்றார்.