60 சதவீதம் எப்படி 29 ஆனது? ஒரு ரெசுமேயின் கதை

ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுஸில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆட்களை எடுக்கும் நேர்காணல்களில் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பதும் என் வேலைகளில் ஒன்று. அதனால்தான் போன மாதம் அக்காவின் மகன் ஒரு நேர்காணலில் தடுமாறி வந்து நின்றபோது, அவனுடைய ரெசுமேயைக் கொண்டு வரச் சொன்னேன்.

அதில் ஒரு வரி: 'ட்ரக் ஏற்றும் நேரத்தை 60 சதவீதம் குறைத்தேன்.'

"முன்னம் எவ்வளவு, பிறகு எவ்வளவு?" என்று கேட்டேன். "முன்னம் 40 நிமிசம் மாமா, பிறகு 25" என்றான். நேர்காணலிலும் இதையே கேட்டிருக்கிறார்கள். அவனும் இதையே சொல்லியிருக்கிறான். எதிரில் இருந்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் 16 நிமிடத்துக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?" என்றாராம். இவனுக்கு வாய் அடைத்துப் போய்விட்டது.

அவர் செய்தது மனக்கணக்குத்தான். 40இல் 60 சதவீதம் 24. அதைக் கழித்தால் மிச்சம் 16. எவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ரெசுமேயை அனுப்ப முதல் நாங்களே செய்து பார்த்திருக்க வேண்டியது.

பிழை எங்கே? குறைந்தது 15 நிமிடம். அதை அவன் புது எண்ணான 25ஆல் வகுத்திருக்கிறான். பழைய எண்ணால்தான் வகுக்க வேண்டும்: (40 − 25) ÷ 40 × 100 = 37.5. எங்கிருந்து தொடங்கினோமோ, அதுதான் அடி.

ஆனால் அந்த 60 முழுப் பொய்யும் இல்லை. ட்ரக்குக்கு 40 நிமிடம் என்றால் ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை ட்ரக். 25 நிமிடம் என்றால் 2.4 ட்ரக். ஒன்றரையிலிருந்து 2.4க்குப் போவது சரியாக 60 சதவீதக் கூடுதல். 'மணித்தியாலத்துக்கு ஏற்றும் ட்ரக்குகளை 60 சதவீதம் கூட்டினேன்' என்று எழுதியிருந்தால் கணக்கு நின்றிருக்கும். நேரம் குறைந்ததும் வேலை கூடியதும் ஒரே மாற்றத்தின் இரண்டு முகங்கள். எண்கள் மட்டும் வேறு. ஒன்றின் எண்ணை மற்றதன் வசனத்தில் போட்டால் பிடிபடுவோம். இப்படித்தான் 'நேரத்தை 150 சதவீதம் குறைத்தேன்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது உண்மையென்றால் ட்ரக் வாசலுக்கு வரமுதலே ஏற்றி முடிந்திருக்க வேணும்!

இதோடு விட்டிருக்கலாம். எனக்கு இன்னொரு சந்தேகம். "அந்த 40 எந்த மாசத்துக் கணக்கு?" "டிசம்பர்." "25?" "பெப்ரவரி." டிசம்பர் என்றால் நத்தார் நெருக்கடி, தற்காலிக ஆட்கள், கதவுக்குக் கதவு வரிசை. பெப்ரவரியில் தானாகவே கொஞ்சம் ஓய்ந்துவிடும். இவன் ஒன்றுமே செய்யாவிட்டாலும் சில நிமிடங்கள் குறைந்திருக்கும். முந்தின வருசத்துப் பெப்ரவரிக் கணக்கைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். பழைய தாளில் சராசரி 35 நிமிடம் என்று இருந்தது. 35இலிருந்து 25: குறைந்தது 10, அதை 35ஆல் வகுத்தால் 28.6. ஏறத்தாழ 29 சதவீதம்.

"60 இருந்தது, இப்ப 29. இனி என்ன மிச்சம் மாமா?" என்று முகத்தைத் தூக்கினான்.

அவன் கவலை எனக்கு விளங்கும். எங்கட பிள்ளைகளில் பலருக்கு இங்கே கைகொடுக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. ரெசுமே மட்டும்தான் அவர்களுக்காகப் பேசும். எண் பெரிதாக இருந்தால்தான் கண்ணில் படும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பெரிய எண்ணைத்தான் நாங்கள் முதலில் தோண்டிப் பார்ப்போம். ஒரு எண் உடைந்தால், அதற்குக் கீழே இருக்கிற உண்மையான வரிகளையும் சந்தேகத்தோடுதான் வாசிப்போம்.

ஏற்கெனவே சதவீதத்தில் இருப்பதை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த ட்ரக்குகள் 80 சதவீதத்திலிருந்து 92 ஆனால், கூடியது 12 சதவீதப் புள்ளி. பழைய 80ஆல் வகுத்துச் சொன்னால் 15 சதவீதம். இரண்டும் சரி. ஆனால் எதைச் சொல்கிறோம் என்று எழுத வேண்டும். 'புள்ளி' என்ற சொல்லை விட்டுவிட்டு 12 என்று மட்டும் எழுதினால் கேட்பவர் குழம்புவார்.

என் கருத்து இதுதான்: சதவீதத்தைத் தனியாக நிறுத்தாதீர்கள். முன் எண்ணையும் பின் எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். வேலையில் இருக்கும்போதே மாதம், சராசரி, எத்தனை ட்ரக் என்று குறித்து வையுங்கள். வேலையை விட்டு வந்த பிறகு அந்தத் தாள் உங்கள் கைக்கு வராது.

மருமகனின் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'பிடியும் வரிசையும் மாற்றி, ட்ரக் ஏற்றும் சராசரி நேரத்தை 35இலிருந்து 25 நிமிடமாக, 29 சதவீதம் குறைத்தோம், பெப்ரவரிக்குப் பெப்ரவரி ஒப்பீடு.' 'குறைத்தேன்' என்பதைக் 'குறைத்தோம்' என்று மாற்றியது அவன்தான். கூட மூன்று பேர் வேலை செய்தார்களாம். அதை நான் கேட்கவே இல்லை.