உங்க பேரா, தொழில் பேரா? ஃப்ரீலான்ஸ் க்யூசி-க்கு எது சரி?

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுட்டு தனியா க்யூசி இன்ஸ்பெக்‌ஷன் எடுக்கலாம்னு முடிவு பண்றவங்களுக்கு வர்ற முதல் குழப்பம், விசிட்டிங் கார்டுல என்ன பேர் போடுறது? உதாரணத்துக்கு, செந்தில் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ‘திருப்பூர் நிட்வேர் குவாலிட்டி சர்வீசஸ்’. படித்ததுமே தொழில் புரிந்துவிடும். ஆனால் ஊர், சரக்கு, சேவை ஆகியவற்றை மட்டுமே சொல்லும் பெயரைப் பொதுவாக டிரேட்மார்க்காகப் பதிய முடியாது. 1999 சட்டத்தின் 9-வது பிரிவு அதைத் தடுக்கிறது. பல ஆண்டுகள் புழங்கி, அது உங்களையே குறிக்கும் என்று நிரூபித்தால்தான் விலக்கு. அதுவரை பக்கத்துத் தெருவில் ஒருவர் ‘திருப்பூர் குவாலிட்டி நிட் சர்வீசஸ்’ என்று போர்டு வைத்தால் தடுப்பது கஷ்டம். ஜிஎஸ்டி சான்றிதழில் அந்தப் பெயர் இருப்பதால் மட்டும் அது உங்களுக்குச் சொந்தமாகிவிடாது.

இரண்டாவது, ‘செந்தில் அசோசியேட்ஸ்’. பையிங் ஆபீஸில் வேலை கிடைப்பதே ‘செந்தில் பார்த்தா சரியா இருக்கும்’ என்ற பேச்சால்தான். எனவே ஆரம்பத்தில் இது நன்றாக ஓடும். சிக்கல் வேலை பெருகும்போது வரும். 3,000 பீஸ் லாட் என்றால், வழக்கமான ஏக்யூஎல் அட்டவணைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்று ஃபேக்டரி என்றால் ஆள் போட்டே ஆகணும். அப்போது பையர் கேட்பார்: “செந்தில் வரலையா?” தவிர, இன்னொரு செந்தில் தன் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்தினால் 35-வது பிரிவு அவருக்குத் துணை நிற்கும்.

இதற்கு ஊரிலேயே ஒரு விடை இருக்கிறது. 1983-ல் கே.ஆர். நாகராஜன் வேட்டி வியாபாரம் தொடங்கியபோது, அப்பா ராமசாமியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ‘ராம்ராஜ்’ ஆக்கினார். அது குடும்பத்தில் பிறந்த பெயர், ஆனால் எந்தத் தனி மனிதரின் பெயரும் அல்ல. கடைக்கு வருபவர் யாரும் “ராம்ராஜ் இருக்காரா?” என்று கேட்பதில்லை. என்ன சரக்கு என்பதை, பின்னால் வரும் ‘காட்டன்’ சொல்லிவிடுகிறது.

என் கருத்தில், செந்திலும் இதைத்தான் செய்யணும். முன்னால் சொந்தமாக உருவாக்கிய சின்னப் பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் ‘நிட்வேர் இன்ஸ்பெக்‌ஷன்’. அந்த இரண்டாவது வரியைக் கொஞ்சம் அகலமாகவே வையுங்கள். ‘காட்டன் இன்ஸ்பெக்‌ஷன்’ என்று போட்டால், நாளைக்கு பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ்வேர் ஆர்டர் வரும்போது பேரே குறுக்கே நிற்கும்.

கடைசியாக ஒன்று. ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு, இன்வாய்ஸ் மூன்றிலும் ஒரே எழுத்தில் அந்தப் பெயர் இருக்கட்டும். வெளிநாட்டுப் பணம் வரும்போது, பெயரில் உள்ள சின்ன வித்தியாசம்கூட அதை நிறுத்தி வைக்கலாம்.