பட்டுப் பில்லில் ஒரு "ளடைம"

"ளடைம" என்றால் என்ன பொருள் என்று தமிழ்ப் புலவரிடம் கேட்டுப் பயனில்லை. பில் போடும் கம்ப்யூட்டரைத்தான் கேட்க வேண்டும்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்குப் பெயரிடுவதென்றால் மொழிக் கலப்பைத் தவிர்ப்பது கடினம். "கோர்வை" தமிழ், "ஜரிகை" வந்த சொல், டிசைன் எண்ணும் silk என்ற சொல்லும் ஆங்கிலம். மூன்றும் ஒரே வரியில் அச்சாக வேண்டும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. "பட்டு" என்று அடிப்பவர் உண்மையில் பதிவு செய்வது `gl;L` என்ற நான்கு குறிகளைத்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் வேஷம் கலைந்து `gl;L` என்றே அச்சாகும். அதே வரியில் `silk` என்று அடித்தாலோ, அதற்கும் தமிழ் வேஷம் ஏறி "ளடைம" ஆகிவிடும்! ஒரு பெயருக்கு ஒரே எழுத்துரு என்று வைத்திருக்கும் மென்பொருளில் இதற்குத் தப்ப வழியில்லை.

தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. இதில் ஒவ்வொரு எழுத்து முறைக்கும் தனி எண்கள் உண்டு. ஆகவே தமிழும் ஆங்கிலமும் சண்டையின்றி ஒரே வரியில் உட்காரும். ஆனால் பழைய சரக்குப் பட்டியலை மொத்தமாக மாற்றும்போது, எது பாமினித் தமிழ், எது அசல் ஆங்கிலம் என்று மாற்றும் கருவிக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் "ளடைம" பட்டியலிலேயே நிலைத்துவிடும். முதலில் ஆங்கிலப் பகுதியைத் தனிக் கட்டத்துக்குப் பிரித்துவிட்டு, மீதியை மட்டும் மாற்றுவதே நல்லது. அலுப்பான வேலைதான், ஆள் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும்.

அடுத்தது ரசீது இயந்திரம். சுருள் காகிதத்தில் அச்சிடும் சிறு இயந்திரங்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. இருப்பவற்றிலும் கொம்பை முன்னே கொண்டுவரும் அறிவு இருப்பது அரிது. ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் பதிவாகிறது. அச்சில் முன்னே வர வேண்டும். "கோர்வை" என்று அச்சிட்டுப் பாருங்கள்: இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு வலப்புறம் நின்றால் கோளாறு தெரிந்துவிடும். கம்ப்யூட்டரே வரியைப் படமாக வரைந்து அனுப்பினால் சரியாகும். பில் சற்று மெதுவாக வரும், அவ்வளவுதான்.

இடம் போதாமல் பெயரை வெட்டுவதிலும் ஒரு கண்ணி உண்டு. "பட்டு" நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து குறி. நான்கோடு வெட்டினால் மிஞ்சுவது "பட்ட"!

கடைக்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நெசவாளருக்கு அப்படியில்லை. பாவு, ஊடை, ஜரிகை ஆகியவற்றை நிறுத்துக் கொடுக்கும் சீட்டில்தான் அவருடைய கணக்கு இருக்கிறது. சேலையைத் திருப்பிக் கொடுக்கும் அன்று எடை குறைகிறதென்று சொன்னால், "எந்த ஜரிகை, எத்தனை கிராம் வாங்கினேன்?" என்று காட்ட அவர் கையில் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றே. அதில் ஜரிகையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `[upif` என்று அச்சாகியிருந்தால், அவர் எதைப் படித்துக் காட்டுவார்?