பின்னாடி யாருடா உதைச்சது?

ஹாஸ்டல் ஷட்டில் கோர்ட். டிபார்ட்மென்ட் ஃபைனல். எங்க மெக்கானிக்கல் சார்பா ஆடினது என் ரூம்மேட் செல்வா. நெட் ஓரமா விழுந்த டிராப்பை எடுக்க, வலது காலை ஊன்றி ஒரு உந்து உந்தினான் பாருங்க... 'டப்'புனு ஒரு சத்தம். ராக்கெட்தான் உடைஞ்சிடுச்சுனு நினைச்சோம். அப்படியே தரையில உட்கார்ந்தவன், பின்னாடி திரும்பி முறைச்சான். "பின்னாடி யாருடா உதைச்சது?"

பின்னாடி ஒரு ஈ காக்கா இல்லை மக்களே!

பக்கத்து கிளினிக்ல, "விரலை ஆட்டு"ன்னாங்க. ஆட்டினான். "பாதத்தைக் கீழே அழுத்து"ன்னாங்க. லேசா அழுத்தினான். "சுளுக்குதான் தம்பி"னு கிரேப் பேண்டேஜ் சுத்தி அனுப்பிட்டாங்க. வீக்கம் வத்துச்சு, வலியும் போச்சு. மூணு வாரத்துல செல்வா மெஸ்ஸுக்கு நடந்தே வந்தான். ஆனா, அந்த நடையில ஏதோ இடிச்சுது.

அதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது எங்க பாத்ரூம் வராண்டா. குளிச்சுட்டு ஈரக்காலோட அவன் நடந்து போக, டைல்ஸ்ல தடம் விழுந்துச்சு. ஒரு டைல் ஒரு அடி. வலது கால் முன்னால வைக்கும்போது ரெண்டு டைல் தாண்டுது. இடது கால் வைக்கும்போது ஒண்ணேகால் டைல்தான்! அடிபட்டது வலது கால். குட்டையா விழுறது இடது கால் எட்டு. இது என்னடா உல்டாவா இருக்கேனு மண்டை காய்ஞ்சுது.

சீனியர் ஒருத்தரோட அக்கா பிசியோதெரபிஸ்ட். செல்வாவைக் கட்டில்ல குப்புறப் படுக்கவெச்சு, பாதம் வெளியே தொங்குற மாதிரி பண்ணினாங்க. இடது கெண்டைக்கால் சதையைக் கையால அமுக்கினாங்க. பாதம் தானா கீழே குனிஞ்சுது. வலது சதையை அமுக்கினாங்க. பாதம் அசையவே இல்லை. "குதிகால் நரம்பு அறுந்திருக்கு தம்பி. நாளைக்கே எலும்பு டாக்டரைப் பாரு"ன்னாங்க. இதுக்குப் பேரு தாம்ப்சன் டெஸ்ட். செலவு பைசா கிடையாது.

குதிகால் நரம்புனு ஊர்ல சொன்னாலும் அது நரம்பு இல்லை. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போட கட்டிவெச்சிருக்கிற தடியான தசைநாண். பேரு அக்கிலிஸ். அது அறுந்த பிறகும் பாதம் லேசா அசைஞ்சதுக்குக் காரணம், விரல்களை மடக்குற சின்னச் சின்ன தசைகள். கிளினிக்ல ஏமாந்தது அங்கேதான்.

இனி நம்ம ஏரியா. முதல் வருஷ மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஒத்தக்கால்ல, முன்பாதத்துல எம்பி நில்லுங்க. தரை உங்களை மேலே தள்ளுற இடம் முன்பாதம். அது கணுக்கால் மூட்டுக்குச் சுமார் பன்னிரண்டரை செ.மீ. முன்னால இருக்கு. அக்கிலிஸ் இழுக்குற இடமோ மூட்டுக்குப் பின்னால வெறும் 5 செ.மீ. மொமென்ட் சமமாகணும்னா, தரை கொடுக்குறதைப் போல ரெண்டரை மடங்கு அது இழுத்தாகணும். செல்வா 60 கிலோ. அப்போ, சும்மா எம்பி நிற்கவே அந்த நாண்ல 150 கிலோ! ஓடும்போது தரை நம்மளை எடையைப் போல ரெண்டரை மடங்குக்குத் தள்ளும். கணக்குப் போட்டா 375 கிலோ. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கயிறு இதைத் தாங்குது.

தாங்குறது மட்டுமில்லை, எறியவும் செய்யுது. தசைக்கு ஒரு வீக்னஸ் உண்டு. வேகமா சுருங்கச் சொன்னா பலம் குறைஞ்சிடும். ஆனா, கால் தரையை விட்டுக் கிளம்புறப்ப வேகமும் வேணும், பலமும் வேணும். உடம்பு இதுக்குக் கண்டுபிடிச்ச வழி, உண்டிவில். பாதம் தரையில பதிஞ்சதும் உடம்பு அதுக்கு மேல முன்னோக்கிச் சாயுது. கெண்டைக்கால் சதை நீளம் அதிகம் மாறாம இறுக்கிப் பிடிச்சுக்குது. நாண்தான் ரப்பர் மாதிரி மெதுவா நீளுது. இது நிதானமா நடக்குற வேலை. குதிகால் எழும்பினதும் சேர்த்துவெச்சதை எல்லாம் சட்டுனு விடுது. பிடிக்கிற நேரத்தைவிட விடுற நேரம் ரொம்பக் கம்மி. வாங்கினதுல 90 சதவிகிதத்துக்கு மேல திருப்பிக் கொடுத்துடும்.

அந்தச் சதையும் ஒண்ணு இல்லை, ரெண்டு. மேலே உருண்டு தெரியுறது காஸ்ட்ரோக்னீமியஸ். அது முட்டிக்கு மேலேர்ந்து கிளம்புது. அதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற பெரிய ஆள் சோலியஸ். முட்டியைத் தாண்டாது. நடக்குறப்ப பாரத்தில் பெரும்பங்கு இவர் தலையிலதான். ரெண்டு பேரும் கீழே சேர்ற கயிறுதான் அக்கிலிஸ்.

டைல்ஸ் புதிரும் இங்கேதான் அவிழுது. இடது கால் முன்னால போய் விழுற நேரத்துல உடம்பைத் தாங்கி, முன்னே தள்ளுற வேலை வலது காலோடது. அந்தத் தள்ளு இல்லைனா இடது கால் அவசரமா கீழே விழுந்துடும். அதனாலதான் எட்டு குட்டை. நோய் ஒரு கால்ல, அடையாளம் இன்னொரு கால்ல!

செல்வா மாதிரியே ஏமாந்த இன்னொருத்தர் கோபி பிரயன்ட். 2013 ஏப்ரல் 12, லாஸ் ஏஞ்சலஸ்ல மேட்ச். இடது காலை உந்திக் கிளம்பினவர், எதிராளி உதைச்சுட்டார்னு நினைச்சார். அறுந்தது அக்கிலிஸ். அந்தக் காலோட நின்னு ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் கூடைக்குள்ள போட்டுட்டுத்தான் வெளியே நடந்தார். நிற்க முடியும், நடக்க முடியும், உந்தத்தான் முடியாது. மறுபடி ஆட டிசம்பர் ஆச்சு.

செல்வாவுக்கும் ஆபரேஷன் ஆச்சு. "அறுந்த உடனே வந்திருந்தா, பாதத்தைக் கீழ்நோக்கி வெச்சு மாவுக்கட்டு போட்டே ஒட்டவெச்சுப் பார்த்திருக்கலாம். இப்போ நடுவுல தழும்பு அடைச்சிடுச்சு"ன்னார் டாக்டர். அந்த மூணு வாரத்தை யார்கிட்ட கேட்குறதுனு அவங்கம்மா அழுதாங்க. எங்ககிட்ட பதில் இல்லை.

எட்டு மாசம் ஆச்சு. போன வாரம் சுவரை லேசா பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல எம்பச் சொன்னேன். இடது கால்ல 25 தடவை அலட்டாம போட்டான். வலது கால் 9. உயரமும் ரெண்டு செ.மீ. கம்மி. சதை இளைச்சது ஒரு காரணம். இன்னொண்ணு, ஒட்டின நாண் பழையதைவிடக் கொஞ்சம் நீளம். தொய்வான உண்டிவில் ரப்பரை இழுத்துப் பாருங்க... பாதி இழுப்பு தொய்வை எடுக்கவே போயிடும். சதை எவ்வளவு சுருங்கினாலும் குதிகால் முழுசா மேலே வராது. சதையைப் பயிற்சியில ஏத்திடலாம். நீண்ட நாணைப் பயிற்சியால குட்டையாக்க முடியாது. அதனாலதான் ஆரம்பத்துலேயே அதை நீள விடாம ஒட்டவைக்கிறது அவ்வளவு முக்கியம்.

ஸோ, கோர்ட்ல யாராவது 'டப்'புனு உட்கார்ந்து, "பின்னாடி யாருடா உதைச்சது?"னு கேட்டா சிரிக்காதீங்க. குப்புறப் படுக்கவெச்சு சதையை அமுக்கிப் பாருங்க. பாதம் குனியலையா, நடக்க விடாம அன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.

இன்னிக்குக் காலையில வராண்டாவுல ஈரத்தடம் பார்த்தேன். இடது கால் எட்டு, ஒண்ணே முக்கால் டைல். இன்னும் கால் டைல் பாக்கி மச்சி!