ஹேப்பி நியூ இயர்... துப்புங்க, கொப்பளிக்காதீங்க!

எங்க பல் கிளினிக்ல இருந்து உங்க எல்லாருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள். ராத்திரி 12 மணிக்கு வெட்டின கேக்கோட க்ரீம் இன்னும் பல்லிடுக்குல இருக்கும். அதனால வாழ்த்தோட கூடவே ஒரே ஒரு டிப்ஸ். காசு செலவு கிடையாது, நேரமும் மிச்சம்.

ராத்திரி பல் தேய்ச்சு முடிச்சதும் நுரையைத் துப்புங்க. அதுக்கப்புறம் தண்ணி விட்டு வாய் கொப்பளிக்காதீங்க. அவ்வளவுதான்!

‘ச்சீ... பேஸ்ட் வாயிலேயே இருக்குமே’ன்னு முகம் சுளிக்கிறீங்களா? இருக்கணும்ங்கிறதுதான் விஷயமே.

ஹாஸ்டல்ல இருக்கிற ஒரு செகண்ட் இயர் மாணவரை எடுத்துக்குவோம். ஏழு மணிக்கு டீ, எட்டரைக்கு மெஸ் சாப்பாடு, பத்து மணிக்குப் படிக்கிற சாக்குல ஒரு கூல்டிரிங்க், கூடவே பிஸ்கெட். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் பல் மேல படிஞ்சிருக்கிற கிருமிகள் அதைத் தின்னு அமிலமாக்குது. அந்த அமிலம் எனாமல்ல இருக்கிற கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுக்கும். நம்ம எச்சில் அமிலத்தைத் தணிச்சு, போனதைத் திரும்பக் கொண்டுவந்து அடைக்கும். ஆனா அதுக்கு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். அதுக்குள்ள அடுத்த பிஸ்கெட் வந்தா கணக்கு மறுபடி முதல்ல இருந்துதான்.

பேஸ்ட்ல இருக்கிற ஃப்ளோரைடு இந்த ரிப்பேர் வேலையை வேகப்படுத்துது. அதுமட்டுமில்ல, ரிப்பேர் ஆன இடம் அடுத்த தடவை அமிலம் பட்டாலும் சுலபத்துல கரையாது. நம்மாளு பன்னிரண்டு மணிக்கு சமர்த்தா பல் தேய்க்கிறார். தேய்ச்ச கையோட மூணு மக் தண்ணியில கொப்பளிச்சு, வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடை வாஷ்பேசின்ல ஊத்திட்டுப் படுத்துடுறார். தூக்கத்துல எச்சில் சுரக்கிறது ரொம்பக் குறைஞ்சிடும். காவலுக்கு ஆள் குறையற நேரத்துல, இருந்த காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பின கதை!

சரியா செய்யறது எப்படி? பட்டாணி அளவு பேஸ்ட், ரெண்டு நிமிஷம் பிரஷ். நுரையை ரெண்டு மூணு தடவை நல்லா துப்புங்க, விழுங்க வேண்டாம். உதட்டை ஈரத் துண்டால துடைங்க, பிரஷ்ஷை மட்டும் கழுவுங்க. அடுத்த அரை மணி நேரம் தண்ணிகூட வேண்டாம். தாகம் எடுக்குற ஆளா இருந்தா, தேய்க்கிறதுக்கு முன்னாடியே குடிச்சிடுங்க. முதல் நாலஞ்சு நாள் வாய் ஒரு மாதிரிதான் இருக்கும், அப்புறம் பழகிடும்.

‘நான் பிரஷ் பண்ணதும் மவுத்வாஷ் போடுவேனே’ங்கிறவங்களுக்கு... மவுத்வாஷ்ல ஃப்ளோரைடு இருந்தாலும் வழக்கமா பேஸ்ட்டைவிடக் குறைவுதான். அதிகமானதைக் கழுவிட்டுக் குறைஞ்சதைப் பூசுறது எதுக்கு? அதை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்குங்க.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, ட்யூப்ல ஃப்ளோரைடுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அது இல்லாத பேஸ்ட்டா இருந்தா, கொப்பளிக்காம விட்டும் இந்தப் பலன் கிடைக்காது. ரெண்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீர்லேயே ஃப்ளோரைடு அதிகம், பல்லுல கறை வரும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தக் கறை, சின்ன வயசுல பல் உருவாகும்போது ஃப்ளோரைடு உடம்புக்குள்ள போறதால வர்றது. துப்பிட்டு மிச்சமிருக்கிற பேஸ்ட்டால உங்க வயசுல அது வராது. ஆனா பேஸ்ட்டை விழுங்குற குட்டித் தம்பி தங்கச்சிகளுக்கு அரிசி அளவு போதும், பக்கத்துல ஒரு பெரியவங்க நிக்கணும்.

இப்பவே ஒரு செக்கப். கண்ணாடி முன்னாடி நின்னு, முன்பல்லை டிஷ்யூவால ஈரம் போகத் துடைச்சுப் பாருங்க. ஈறை ஒட்டி, பளபளப்பு இல்லாம, சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு தெரியுதா? அது சொத்தையோட முதல் படியா இருக்கலாம். இன்னும் ஓட்டை விழலை, இந்தக் கட்டத்துல நிறுத்த முடியும். நம்ம டிப்ஸ் கைகொடுக்கிறது இங்கேதான். அந்த இடம் குழி விழுந்தோ, கூச்சமோ வலியோ வந்தாலோ பேஸ்ட்டால அடைக்க முடியாது, டாக்டர்கிட்ட வந்துதான் ஆகணும்.

ஜிம், டைரி, அரியர் கிளியர்னு உங்க நியூ இயர் லிஸ்ட் எவ்வளவு நீளமா வேணா இருக்கட்டும். இந்த ஒண்ணு மட்டும், ஒரு வேலையைச் செய்யாம விடுற தீர்மானம். சோம்பேறிகளுக்கும் சாத்தியம் பாஸ்! இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடுங்க.